டாலர் ஏறினா உங்க எஸ்ஐபி ஏன் இறங்குது? 2013-ல் நடந்ததை வச்சுப் புரிஞ்சுக்கலாம்

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "நாமக்கல்ல வேலை பாக்குறேன் சார். மாசம் எஸ்ஐபி போடுறேன். அமெரிக்காவுல வட்டி ஏறுதுன்னு செய்தி வந்தா என் ஃபண்டு ஏன் இறங்குது? எங்க ஊருக்கும் டாலருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கு. அதைச் சுத்தமா காட்டுறது 2013-ஆம் ஆண்டின் மே முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாதம். அதை மட்டும் எடுத்துக்கலாம்.

ஒரு பேச்சு, மூன்று மாதம்

அப்போது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மாதம் 8,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் அமெரிக்காவில் வட்டி மிகக் குறைவு. அங்கே வருமானம் கிடைக்காத பணம் இந்தியா, இந்தோனேசியா, பிரேசில் மாதிரி நாடுகளுக்கு வந்தது.

2013 மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, இந்தக் கொள்முதலை வரும் மாதங்களில் குறைக்கக்கூடும் என்று சொன்னார். அன்று குறைக்கவில்லை, குறைப்பு அறிவிப்பே டிசம்பரில்தான் வந்தது. ஆனால் பேச்சு வந்ததுமே அமெரிக்கக் கடன் பத்திரங்களின் வட்டி ஏற ஆரம்பித்தது, வெளியே போன பணம் திரும்ப ஆரம்பித்தது.

அன்று ஒரு டாலர் சுமார் 55.50 ரூபாய். ஆகஸ்ட் 28 அன்று 68.80 ரூபாய். சென்செக்ஸ் 20,000-க்குச் சற்று மேலிருந்து 18,000 அருகே வந்தது.

வெளிநாட்டுக்காரர் போடும் கணக்கு

ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் மே மாதம் 1,000 டாலர் கொண்டுவந்தார்னு வைங்க. மாற்றினால் 55,500 ரூபாய். அதைப் பங்குகளில் போட்டார். ஆகஸ்ட் கடைசியில் சந்தை 10% இறங்கி, அவர் கையில் 49,950 ரூபாய். நமக்கு நஷ்டம் 10%. அவர் அதை 68.80-க்கு டாலராக மாற்றினால் கிடைப்பது சுமார் 726 டாலர். அவருக்கு நஷ்டம் 27%-க்கு மேல்!

சந்தை இறங்கவே இல்லைன்னாலும் அவருக்கு 807 டாலர்தான் வரும். அதனால்தான் ரூபாய் இறங்கும்னு தெரிஞ்சதும், இன்னும் இறங்குறதுக்கு முன்னாடி அவர் விற்கப் பார்க்கிறார். விற்ற ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்குகிறார். அதில் ரூபாய் மேலும் இறங்குகிறது. அதைப் பார்த்து அடுத்தவர் விற்கிறார்.

இங்கே ஒண்ணு கவனிங்க. 2013-ல் வெளிநாட்டவர் அதிகம் விற்றது பங்குகளை இல்லை, கடன் பத்திரங்களை. அப்புறம் பங்குச் சந்தை ஏன் விழுந்தது? ரூபாயைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி ஜூலை 15 அன்று வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25% ஆக்கியது. வங்கிகளுக்குப் பணம் திரட்டும் செலவு ஏறியது. வங்கிப் பங்குகள் பலமாக அடி வாங்கின. "பத்திரமானது" என்று எல்லோரும் வைத்திருந்த லிக்விட் ஃபண்டுகளில்கூட அந்த வாரம் என்ஏவி இறங்கியது.

இறக்குமதி பில்

இப்போ எண்ணெய்க்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க, ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 டாலர்னு வைங்க. மே மாதம் அதற்கு 5,550 ரூபாய். ஆகஸ்ட் இறுதியில் 6,880 ரூபாய். எண்ணெய் விலை ஒரு டாலர்கூட ஏறாமலேயே நமக்கு 24% கூடுதல்.

எண்ணெய் நிறுவனங்கள் இந்த டாலரைத் தினமும் சந்தையில்தான் வாங்குகின்றன. அதுவே ரூபாயை மேலும் அழுத்தியது. அதனால் ஆகஸ்ட் 28 அன்று, அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியே நேரடியாக டாலர் தர ஏற்பாடு செய்தது.

ஆலத்தூர் நாட்டுக்கு இது எப்படி வருது? காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் ஒவ்வொரு லோடு வண்டியும் டீசலில்தான் ஓடுது. மரவள்ளிக்குப் போடும் பொட்டாஷ் உரம் முழுக்க இறக்குமதி. ஆனா பங்க் விலை உடனே ஏறாது. 2013-ல் டீசல் மாதம் 50 பைசா வீதம்தான் ஏற்றப்பட்டது. மீதியை அரசும் எண்ணெய் நிறுவனங்களும் சுமந்தன. அதனால் பங்க் விலையை மட்டும் பார்த்து "பாதிப்பு இல்லை"ன்னு முடிவு பண்ணாதீங்க.

எதிர்ப்பக்கமும் உண்டு. காபி விலை நியூயார்க், லண்டன் சந்தைகளில் டாலரில் நிர்ணயமாகிறது. டாலர் ஏறினால் மலையில் காபி விற்பவருக்கு ரூபாயில் கூடுதலாகக் கிடைக்கலாம். வெளியிலிருந்து வரும் மிளகு விலை ஏறுவதால் உள்ளூர் மிளகுக்கும் கொஞ்சம் தாங்கல். ஐடி நிறுவனங்களுக்கு டாலரில் வருமானம். எல்லோருக்கும் ஒரே அடி விழுவதில்லை.

நம்மை ஏன் அவ்வளவு அடிச்சது?

2012-13-ல் நாம் வெளியே கொடுத்த டாலர், ஈட்டியதைவிட சுமார் 8,800 கோடி அதிகம். இதுதான் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, ஜிடிபியில் 4.8%. சம்பளத்தைவிடச் செலவு அதிகமாகி, மாதாமாதம் கிரெடிட் கார்டில் ஓட்டுற வீடு மாதிரி. கார்டு கம்பெனி லிமிட்டைக் குறைச்சா அன்னைக்கே திண்டாட்டம். அப்போது மார்கன் ஸ்டான்லி நிறுவனம் இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஐந்தையும் "நொய்ந்த ஐந்து" என்று பட்டியலிட்டது.

தங்க இறக்குமதி வரி அந்த ஆண்டு 6, 8, 10 சதவீதம் என்று படிப்படியாக ஏறியது. வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் டெபாசிட்டை ஈர்க்க வங்கிகளுக்குச் சலுகை கிடைத்தது. அடுத்த நிதியாண்டில் பற்றாக்குறை 1.7%-க்கு இறங்கியது.

பலம் டாலருக்கா, பலவீனம் நமக்கா?

ரூபாய் இறங்கினால் டாலர் இண்டெக்ஸைச் சேர்த்துப் பாருங்க. அது யூரோ, யென், பவுண்டு உள்ளிட்ட ஆறு நாணயங்களோடு டாலரை ஒப்பிடும். அதில் ரூபாய் கிடையாது. 2013-ல் அது பெரிதாக ஏறவில்லை. அதாவது அடி வளரும் நாடுகள் மேல்தான். 2022-ல் அதே இண்டெக்ஸ் 114 வரை போனது. யென்னும் பவுண்டும் நம்மைவிட அதிகமாக விழுந்தன. அந்த ஆண்டு ரூபாய் 74-லிருந்து 83 அருகே வந்தாலும், கதை வேறு.

இன்னொரு மாற்றமும் இருக்கு. 2024 அக்டோபரில் வெளிநாட்டவர் 94,000 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்றார்கள். உள்நாட்டு நிறுவனங்கள் அதைவிட அதிகம் வாங்கின. அதில் உங்க எஸ்ஐபி பணமும் உண்டு. அப்பவும் சந்தை இறங்கியது. ஆனா விற்பவருக்கு எதிரே வாங்க ஆள் இருந்தது.

உங்க கணக்குக்கு

2013 தீபாவளி நேரத்தில் சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டிவிட்டது. ரூபாய் 62 அருகேதான் நின்றது. 55-க்குத் திரும்பவே இல்லை. அதனால் உங்க இலக்கு எந்த நாணயத்தில் இருக்குன்னு முதல்ல பாருங்க. ஊரில் வீடு கட்டணும்னா ரூபாய்க் கணக்கு போதும். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கணும்னா இலக்கை டாலரில் எழுதுங்க. 40,000 டாலர் கட்டணம் 55.50-ல் 22.2 லட்சம், 68.80-ல் 27.5 லட்சம். எஸ்ஐபி நல்லா ஓடியும் பணம் பத்தாமல் போவது இங்கேதான்.

(இது கல்வி நோக்கில் மட்டும், முதலீட்டுப் பரிந்துரை அல்ல.)