வாடகை நினைவூட்டல் கடிதமும் சலுகை நாட்களும்

ஒப்பந்தத்தில் ‘ஐந்து நாள் சலுகை’ என்று இருந்தால், வாடகை கட்டும் தேதியே ஐந்து நாள் தள்ளிப்போய்விடும் என்று குடியிருப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். வழக்கமான ஒப்பந்த வாசகம் அப்படிச் சொல்வதில்லை. 5ஆம் தேதி தர வேண்டிய வாடகை அன்று வராவிட்டால் அது பாக்கிதான். சலுகை நாட்களுக்குள் கட்டினால் தாமதக் கட்டணம் கிடையாது என்பது மட்டுமே அதன் பொருள். இந்தச் சலுகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. சலுகை முடிந்ததும் 6ஆம் தேதியிலிருந்தே எண்ணித் தாமதக் கட்டணம் போடலாம் என்று நினைக்கிறார்கள். வாடகை 15,000 ரூபாய், 10ஆம் தேதி வரை சலுகை, அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் என்று ஒப்பந்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12ஆம் தேதி எழுதும் கடிதத்தில் 11, 12 ஆகிய இரு நாட்களுக்கு 200 ரூபாய்தான் கேட்கலாம். 6ஆம் தேதியிலிருந்து எண்ணி 700 ரூபாய் கேட்க, ஒப்பந்தத்தில் அப்படியே எழுதியிருக்க வேண்டும்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“அன்புள்ள ஐயா, மார்ச் மாத வாடகை 15,000 ரூபாய் 5ஆம் தேதி வரவேண்டியது. ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவில் உள்ள சலுகை 10ஆம் தேதியோடு முடிந்தது. தாமதக் கட்டணம் 200 ரூபாய் சேர்த்து 15,200 ரூபாயை இன்றே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணைத் தெரிவியுங்கள்.”

இப்படிப் பணிவாக எழுதினால் உரிமை போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். போகாது. கேட்ட தொகையும் தேதியும் எழுத்தில் நிற்பதால் பின்னால் அது சான்றாகவும் உதவும். மாதாமாதம் தாமதத்தைப் பேசாமல் ஏற்றுக்கொண்டே இருப்பதுதான் பிறகு வாதாட இடம் கொடுக்கும்.

இதற்கு நேரெதிரான நம்பிக்கைதான் ஆபத்தானது: சலுகை தாண்டிவிட்டது, கடிதமும் போட்டாயிற்று, இனி காலி செய்யச் சொல்லலாம் என்பது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வாடகை பாக்கிக்காக வெளியேற்றக் கோர இரண்டு மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும். பாக்கியைக் கேட்டு முறையான அறிவிப்பு தந்து, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருந்தால்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த அறிவிப்பு கையெழுத்திட்டு, தபாலிலோ நேரிலோ சேர வேண்டியது. வாட்ஸ்அப் செய்தியை அதற்கு ஈடாக நம்பிவிடக் கூடாது. பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பதும் பதிலாகாது. அட்வான்ஸ் வீட்டைக் காலி செய்யும்போது கணக்குப் பார்க்கும் பணம். வீட்டுக்காரர் சம்மதிக்காமல் மாத வாடகையாக மாறாது.

கடிதம் எழுதும் முன்பும், வந்த கடிதத்துக்குப் பதில் சொல்லும் முன்பும், ஒப்பந்தத்தின் சலுகைப் பிரிவை ஒருமுறை வரி விடாமல் படித்துவிடுங்கள்.