ஏலக்காய்க் கணக்கில் காலும் அரைக்காலும்

பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் எவ்வளவு தேறும் என்பதுதான் எங்கள் மலையில் எல்லோரும் பேசும் கணக்கு. போடிமெட்டுக்கு மேலே சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருக்கும் ஏழு பேர் சேர்ந்து இதற்கு ஒரு நோட்டு போட்டோம். பறித்த ஒவ்வொரு சுற்றுக்கும் தேறியதை அவரவர் கையால் எழுத வேண்டும். பேங்க்கில் உத்தியோகம் பார்த்தவன் என்பதால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் சுற்றில் ஏழு பேரும் எழுதியிருந்தது இப்படி: ஒருவர் 20%. அடுத்தவர் 1/5. மூன்றாமவர் ஐந்தரைக்கு ஒண்ணு. நாலாமவர் 81% போச்சு. ஒரு பெரியவர் அரைக்கால். கீழ்த் தோட்டத்து அக்கா கால். கடைசி ஆள் வெறும் 22. எல்லோரும் தங்கள் வரைக்கும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதைக் கூட்டவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க, ஒரு கிலோ பச்சைக்கு எத்தனை கிலோ உலர்ந்த காய் என்பதையே தசமத்தில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். 20% என்றால் 100-ஆல் வகுத்து 0.20. 1/5-உம் 0.20தான். ஐந்தரைக்கு ஒண்ணு என்றால் 1-ஐ 5.5-ஆல் வகுக்க வேண்டும், 0.18 வரும். 81% போச்சு என்றவர் எழுதியது போனதை. நமக்கு வேண்டியது மிஞ்சியது. ஆகவே 1-இல் 0.81-ஐக் கழித்து 0.19. வெறும் 22 என்று எழுதியவரிடம் கேட்டேன், சதவீதம்தான் என்றார். 0.22.

அரைக்காலில்தான் எனக்கு உதவிக்கு வந்த பையன் சறுக்கினான். அரையும் காலும் சேர்ந்தது என்று நினைத்து 0.75 போட்டுவிட்டான். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். அரைக்கால் என்பது காலில் பாதி, அதாவது 1/8, தசமத்தில் 0.125. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். 1957-இல் நயா பைசா வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இது பழக்கமில்லை. பையனைக் குறை சொல்ல முடியாது. வீசம் என்று யாராவது எழுதினால் 0.0625 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸெல்லில் போடும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். நான் 1/5 என்று அடித்ததும் அது மே 1-ஆம் தேதி ஆகிவிட்டது. எக்ஸெல்லுக்குத் தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண். 2024 மே 1 என்றால் 45413. சராசரி பார்த்தபோது ஆயிரக்கணக்கில் வந்து நின்றது. அதனால் தட்டச்சு செய்யும் முன்பே அந்தக் காலத்தை Text என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் பயனில்லை, 45413 அப்படியே நிற்கும்.

இன்னொன்று, அவர்கள் எழுதியதை அழிக்காதீர்கள். C காலத்தில் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். பக்கத்தில் D காலத்தில் தசமம் வரட்டும். கால், அரைக்கால் போன்ற சொற்களை H காலத்திலும் அவற்றின் தசமத்தை I காலத்திலும் எழுதி வைத்துவிட்டு, D2-வில் இதைப் போடலாம்:

```
=IF(ISNUMBER(FIND("%",C2)),
 SUBSTITUTE(C2,"%","")/100,
 IF(ISNUMBER(FIND("/",C2)),
 LEFT(C2,FIND("/",C2)-1)/MID(C2,FIND("/",C2)+1,9),
 IFERROR(VLOOKUP(TRIM(C2),$H$2:$I$20,2,FALSE),
 VALUE(C2))))
```

சதவீதக் குறி இருந்தால் 100-ஆல் வகுக்கும். சாய்கோடு இருந்தால் மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுக்கும். இரண்டும் இல்லையென்றால் சொல்லைப் பட்டியலில் தேடும்; அதிலும் இல்லையென்றால் எண்ணாக எடுக்கப் பார்க்கும். ஐந்தரைக்கு ஒண்ணு, 81% போச்சு இரண்டுக்கும் #VALUE! என்று நிற்கும். நிற்கட்டும், அதுதான் நல்லது. அதைக் கையால் போடுங்கள். பிழை வரும் இடத்தில் 0 வரட்டும் என்று சூத்திரத்தை நீட்டினால், அந்த 0 சத்தமில்லாமல் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

வெறும் 22, D-யில் 22 என்றே வரும். அதைப் பிடிக்க ஓர் எல்லை வைத்தேன்: 0.10-க்குக் கீழேயோ 0.25-க்கு மேலேயோ வந்தால் எழுதியவரிடம் கேட்காமல் விடுவதில்லை. பையன் போட்ட 0.75-ம் இதில்தான் சிக்கியது.

ஆனால் எல்லைக்குள் இருந்த ஒன்று என்னை ஏமாற்றியது. கீழ்த் தோட்டத்து அக்காவின் கால். 0.25, பட்டியலில் முதலிடம். அவர் பறிக்கும் சுற்றுக்கு இடைவெளி அதிகம் விடுவார். அதனால்தான் காய் நன்றாக விளைந்து தேறுகிறது என்று நான் கூட்டத்தில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். நாங்களும் இடைவெளியை நீட்டினோம். காய் பழுத்து, உலர்த்தும்போது வெடித்துப் பச்சை நிறம் போய், ஏலத்தில் கீழ்த்தரத்துக்கு இறங்கியது. ஒரு சுற்று முழுக்க நஷ்டம்.

பிறகுதான் அக்காவிடம் எடைச் சீட்டைக் கேட்டேன். பச்சை 63 கிலோ, உலர்ந்தது 12 கிலோ. வகுத்தால் 0.19. "அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுதானே தம்பி, கால்வாசி தேறும்னு" என்றார். அவர் மேல் தப்பில்லை. வாய்ச்சொல்லை அளந்த எண்ணாக்கி இரண்டு தசம இடத்தில் எழுதியவன் நான்.

கொஞ்சம் யோசித்திருந்தால் முன்பே சந்தேகம் வந்திருக்கும். பச்சைக் காயில் சுமார் 80 சதவீதம் ஈரம். 100 கிலோவில் 20 கிலோதான் ஈரமில்லாத சத்து. 10 சதவீத ஈரம் வரை உலர்த்தினால் 20-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 22 கிலோ சொச்சம். 25 கிலோ வந்தால் ஈரம் 20 சதவீதம் நிற்கிறது என்று அர்த்தம், மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். ஆக 0.25 என்பது நல்ல விளைச்சலைவிட, சரியாக உலராத காயையோ தோராயப் பேச்சையோதான் பெரும்பாலும் காட்டும்.

காசோலையில் எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும். 1881-ஆம் வருடச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முப்பது வருடம் அதில் ஊறியவனுக்கு, தோட்டக் கணக்கில் எழுத்தைவிடத் தராசை நம்ப வேண்டும் என்பது லேசில் மனசில் ஏறவில்லை.

இப்போது எங்கள் நோட்டில் பச்சை எடைக்கு ஒரு காலம், உலர்ந்த எடைக்கு ஒரு காலம். வகுப்பது கம்ப்யூட்டர் வேலை. எடை தெரியாத பழைய பதிவுகளுக்குப் பக்கத்தில் 'சொல்' என்று ஓர் அடையாளம் போட்டிருக்கிறேன், அவை சராசரியில் சேராது. சராசரியும் தசமங்களைக் கூட்டி எடுப்பதில்லை. ஒருவர் 300 கிலோ போட்டு 54 கிலோ எடுத்தார், 0.18. இன்னொருவர் 50 கிலோவில் 12, 0.24. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.21 வரும். உண்மையில் 350 கிலோவுக்கு 66 கிலோ, 0.19-தான். அந்த 0.24-க்காரர் காயை இன்னும் ஒருநாள் உலர்த்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.