கடலில் விழுந்த போனிலிருந்து வாட்ஸ்அப்பை மீட்க

கொட்பே துறைமுகத்தில் படகேறும்போது போன் உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டதா? உடனே சார்ஜரில் போடாதீர்கள். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உப்பு மின்சுற்றுப் பலகையை விரைவாக அரித்துவிடும். சிம்மைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். மீட்பதற்கு அதுதான் சாவி.

திரை மட்டும் செத்துப்போன போனும் உண்டு. திரை இருண்டே இருந்தாலும் அலாரம் அடித்தால், அதிர்ந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. அப்படியென்றால் நன்றாகக் காய்ந்தபின் கேபிளால் கணினியுடன் இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம். ஆனால் கணினி கோப்புகளைக் காட்ட, போனின் பூட்டைத் திறந்தாக வேண்டும். அதற்குத் திரை வேண்டும். எனவே முதலில் கடையில் திரையை மாற்றுங்கள். அறவே உயிரில்லாத போனில் கேபிளால் பயனில்லை.

அப்போது கைகொடுப்பது கூகுள் கணக்கில் உள்ள பேக்கப். புதிய ஆண்ட்ராய்டு போனில் பழைய கூகுள் கணக்கைச் சேர்த்து, பழைய சிம்மைப் போட்டு வாட்ஸ்அப்பை நிறுவுங்கள். சிம் பழுதானால் அடையாள அட்டையுடன் போய் அதே இலக்கத்துக்கு வேறு சிம் எடுக்கலாம். எண்ணை உறுதிசெய்ததும் ‘Restore’ என்று கேட்கும். அவசரத்தில் ‘Skip’ அழுத்திவிடாதீர்கள். அழுத்திவிட்டால் உடனே செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள். தாமதித்தால் புதிய பேக்கப் பழையதை அழித்துவிடக்கூடும். பேக்கப்புக்குக் கடவுச்சொல் வைத்து மறந்தவர்களுக்கு வாட்ஸ்அப் நிறுவனமும் உதவ முடியாது.

பேக்கப்பே இல்லையா? கணினியில் வாட்ஸ்அப் வெப் இணைத்திருந்தால் முதலில் அதைத் திறந்து, முக்கியமானவற்றைப் பிரதியெடுங்கள். போன் இயங்காவிட்டால் 14 நாளில் அந்த இணைப்பு அறுந்துவிடும். புதிய போனில் அதே எண்ணைப் பதிந்தாலோ அப்போதே அறுந்துவிடும்.