ஜமாபந்தியும் சாவிக்கொத்தும்

கேள்வி: அறந்தாங்கி வட்டத்தில் 12 ஆண்டுகளாகக் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறேன். ஜூன் 4ஆம் தேதி தஞ்சாவூரில் எனக்கு முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நடந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனில் சொல்லியிருந்தேன். மனு கொடுத்தது ஜூலை 2ஆம் தேதி. மருத்துவர் 90 நாள் ஓய்வு சொல்கிறார். அனுமதியின்றி வராததாகவும், ஜமாபந்திக்குக் கணக்கு தராததாகவும் 17(ஆ) குறிப்பாணை வந்துள்ளது. வேலை போய்விடுமா?
— ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தாங்கள் வராமலிருந்தது உண்மை, அது வேண்டுமென்றே நிகழ்ந்ததா என்பதே முதல் குற்றச்சாட்டைத் தீர்மானிக்கும் விஷயம். கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல், நோய், விபத்து, மருத்துவமனை வாசம் போன்ற நிர்ப்பந்தங்களால் வராதிருந்தவரை, வேண்டுமென்றே வராதவர் என்று நிரூபிக்காமல் குற்றவாளியாக்கலாகாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக, விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்னும் அடிப்படை விதி 67 மறைந்துபோய்விடவில்லை.

அறுவை சிகிச்சைக்கான நாள் பத்து நாள் முன்னதாகவே தெரிந்திருந்ததைத் கேள்வியுடன் தாங்கள் அனுப்பிய மருத்துவமனைச் சீட்டே காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பத்து நாளில், அ-பதிவேடு, அடங்கல், வரி வசூல் ரசீதுப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அடுத்த கிராமத்து அலுவலரிடம் கையொப்பம் பெற்றுப் பொறுப்பை ஒப்படைத்திருந்தால், இரண்டாம் குற்றச்சாட்டுக்கே இடமிருந்திராது. சாவிக்கொத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, ஜமாபந்தி மேடையில் சக அலுவலரை வெறுங்கையோடு நிற்க வைத்ததற்கு நோய் சமாதானமாகாது. போனில் சொன்னதும் ஆதாரமாகாது. ஒப்புகையுடன் ஒரு விரைவுத் தபால் போதுமானதாயிருந்திருக்கும்.

இனிச் செய்யக்கூடியது இதுதான். மருத்துவமனையிலிருந்து வெளியேறியபோது தந்த சுருக்கம், நடந்த சிகிச்சையைத்தான் சொல்லும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு தேவை என்பதை மருத்துவரின் பதிவெண்ணும் தங்கள் கையொப்பமும் உள்ள மருத்துவச் சான்றே சொல்லும். இரண்டும் வேண்டும். 1933ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுப்பு விதிகளின்படி, பத்தாண்டு நிறைந்து பதினைந்தாண்டு நிறையாதோர்க்கு மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பு 270 நாள் உண்டு. முன்பு எடுத்தது போக மீதமிருப்பதைப் பணிப்பதிவேட்டில் பார்த்துக்கொண்டு, ஜூன் 4 முதல் ஜூலை 1 வரையிலான 28 நாளையும் அதில் முறைப்படுத்துமாறு தனி மனு கொடுங்கள். 60 நாளைக் கடந்த மருத்துவ விடுப்பு மருத்துவக் குழுவின் பரிசீலனைக்குப் போகக்கூடும் என்பதால், ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். பொறுப்பு ஒப்படைப்பை இன்றே முடியுங்கள். திரும்புகையில் தகுதிச் சான்று இல்லாமல் பணியில் சேர இயலாது.

குறிப்பாணைக்கான விளக்கத்தைக் கருணை மனுவாக எழுதிவிடாதீர்கள். அதில் விழும் ஒரு தவறான வாக்கியமே பின்னால் ஒப்புதலாக வாசிக்கப்படும். குறிப்பாணையை நான் முழுமையாகப் பார்க்காததால், வேலை போகுமா என்பதற்கு இங்கே உறுதி கூறுவதற்கில்லை. கெடு முடியுமுன், பணிப்பதிவேட்டு நகலுடன் பணியியல் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.