மதிப்பீட்டு ஆணையை எதிர்த்து மேல்முறையீடு: முப்பது நாள்களும் காரணங்களின் வரைவும்

வருமான வரித் துறையிலிருந்து மதிப்பீட்டு ஆணை கிடைக்கப்பெற்ற வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நம் கிளைக்கு வந்து கேட்பது ஒன்றே: பணம் செலுத்திய நாளுக்குரிய கணக்கு அறிக்கைப் பக்கம். மேல்முறையீட்டில் அவர்களைக் காப்பாற்றக்கூடியது பெரும்பாலும் அந்தப் பக்கமன்று. பணம் எடுத்த நாளுக்குரிய பக்கம். இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம். நாம் இங்குக் கூறுவன 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளுக்கு உரியவை.

ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். தம் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக மே மாதம் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து 6,00,000 ரூபாயை ரொக்கமாக எடுத்தார். மருத்துவர்கள் பின்னர் அறுவை வேண்டாம், மருந்தே போதும் என்றனர். ஜூலையில் தம் பழைய காரை 1,80,000 ரூபாய்க்கு விற்றார். செப்டம்பரில் இவ்விரண்டையும், வீட்டில் சேர்ந்திருந்த 40,000 ரூபாயையும் சேர்த்து 8,20,000 ரூபாயாகக் கணக்கில் செலுத்தினார். மதிப்பீட்டு அதிகாரி விளக்கம் கேட்டு ஏழு நாள் கெடு விதித்தார். இவர் செப்டம்பர் மாத அறிக்கையை மட்டும் இணைத்து, ‘இது என் சொந்தப் பணம்’ என்று பதில் எழுதினார். முழுத் தொகையும் பிரிவு 69ஏ-இன் கீழ் விளக்கமற்ற பணமாகச் சேர்க்கப்பட்டது.

அவ்வாறு சேர்க்கப்படும் தொகைக்குப் பிரிவு 115பிபிஇ-இன்படி வரி 60 விழுக்காடு; அவ்வரியின் மேல் 25 விழுக்காடு கூடுதல் வரி; மொத்தத்தின் மேல் 4 விழுக்காடு தீர்வை. இவருக்கு அது 6,39,600 ரூபாய். வட்டி தனி.

முதலில் காலக்கெடு. ஆணையுடன் பிரிவு 156-இன் கீழ் ஒரு வரி கேட்பு அறிவிப்பும் வரும். அவ்வறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து முப்பது நாள்களுக்குள் மேல்முறையீடு தாக்கலாக வேண்டும். ஆணையில் அச்சிடப்பட்ட தேதி கணக்கன்று. சார்வான நாளும் கணக்கில் சேராது. ஆணை மார்ச் 12 எனத் தேதியிட்டு, மார்ச் 14 அன்று கிடைத்திருந்தால், மார்ச் 15 முதல் நாள். ஏப்ரல் 13 இறுதி நாள். ‘ஒரு மாதம்’ என்று எண்ணி ஏப்ரல் 14 அன்று தாக்கல் செய்பவர் ஒரு நாள் தாமதித்தவரே ஆவார். இக்காலத்தில் ஆணைகள் மின்னஞ்சலிலும் துறையின் இணையதளக் கணக்கிலுமே பெரிதும் வருகின்றன. பழைய மின்னஞ்சல் முகவரியை மாற்றாமல் விட்டவர்களுக்கு, அவர்கள் அறியாமலேயே நாள்கள் கரைந்துவிடும்.

தாமதமானால் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. போதிய காரணம் காட்டினால் பிரிவு 249(3)-இன்படி தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரமுண்டு. ஆனால் ‘உடல்நலமில்லை’ என்ற ஒற்றை வரி போதாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதும் அதற்குரிய மருத்துவச் சான்றும் வேண்டும். பிரிவு 154-இன் கீழ் திருத்த மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உளர். அம்மனு வெளிப்படையான பிழைகளுக்கு மட்டுமே உரியது. அது நிலுவையிலிருப்பதால் முப்பது நாள் ஓட்டம் நிற்பதில்லை.

தாக்கல் செய்வது படிவம் 35-இல், மின்னணு முறையில். மதிப்பிடப்பட்ட மொத்த வருமானம் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டதாகையால் இவருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வருமான அறிக்கையில் தாமே ஒப்புக்கொண்ட வருமானத்திற்குரிய வரியைச் செலுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் மேல்முறையீடு ஏற்கப்படாது.

இனி வரைவு. படிவத்தில் இரு பகுதிகளைப் பலர் ஒன்றோடொன்று குழப்பிவிடுகின்றனர். வழக்கின் விவரம் என்பது நடந்ததை நாள் வரிசையில் கூறுவது. அதற்கு 1,000 சொற்கள் வரம்பு. மேல்முறையீட்டுக் காரணம் என்பது ஆணையின் எந்த முடிவு எதனால் தவறு என்று கூறுவது. ஒவ்வொரு காரணமும் 100 சொற்களுக்குள் அடங்க வேண்டும். தாயாரின் நோய் பற்றிய செய்தி விவரத்தில் இடம்பெறும். காரணத்தில் அதன் விளைவு மட்டுமே வரும். ‘அதிகாரி நியாயமின்றி நடந்துகொண்டார்’ என்பது மனக்குறை. அதனைக் காரணமாக எவரும் பரிசீலிக்க இயலாது.

ஒரு தொகைக்கு ஒரு காரணம் என்று பிரித்து எழுதுவதே சிறந்தது என்பது நம் கருத்து. மூன்றையும் ஒன்றாகக் கட்டினால், நலிந்த ஒன்று வலுவான இரண்டையும் கீழே இழுத்துவிடும். நம் வாடிக்கையாளரின் காரணங்கள் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

1. ஏழு நாள் அவகாசம் மட்டும் அளித்து, மருத்துவமனை ஆவணங்களைப் பெற்று அளிக்கப் போதிய வாய்ப்பு வழங்காமல் ஆணை பிறப்பித்தது தவறு.

2. செலுத்திய தொகையில் 6,00,000 ரூபாய், அதே கணக்கிலிருந்து மே மாதம் எடுக்கப்பட்டதே. அத்தொகை வேறு வகையில் செலவானதற்கு ஆணையில் எவ்வித ஆதாரமும் காட்டப்படாத நிலையில், அதனை விளக்கமற்ற பணமாகக் கொண்டது தவறு.

3. 1,80,000 ரூபாய், மேல்முறையீட்டாளரின் சொந்தப் பயன்பாட்டிலிருந்த காரை விற்றுக் கிடைத்த தொகை. உரிமை மாற்றப் பதிவு இதனை உறுதிசெய்கிறது.

4. எஞ்சிய 40,000 ரூபாய், ஓய்வூதியத்திலிருந்து குடும்பச் செலவு போகச் சேர்ந்த சேமிப்பு. வருமானத்தோடு ஒப்பிடுகையில் அது இயல்பான அளவே.

5. மேற்கூறிய தொகைகளுக்குப் பிரிவு 69ஏ பொருந்தாதபோது, பிரிவு 115பிபிஇ-இன் உயர் விகிதமும் பொருந்தாது.

இறுதியில், சேர்க்கப்பட்ட 8,20,000 ரூபாயை நீக்கவேண்டும் என்ற கோரிக்கை. நான்காவதற்குச் சான்று ஏதுமில்லை. ஆகவே அது தோற்கலாம். அதற்காக ஒரு கடன் கடிதத்தைப் புதிதாக உருவாக்க முற்படுபவர், உண்மையான இரண்டு விளக்கங்களின் நம்பகத்தையும் சேர்த்தே இழப்பார். விடுபட்ட காரணம் ஒன்று பின்னர் நினைவுக்கு வந்தால், அது வேண்டுமென்றே விடப்பட்டதன்று என அதிகாரி கருதினால் விசாரணையில் சேர்க்க அனுமதிக்கலாம்.

முதல் காரணத்தை ஏன் வைத்தோம்? மருத்துவமனையின் செலவு மதிப்பீடும், அறுவை தவிர்க்கப்பட்டதற்கான கடிதமும் மதிப்பீட்டின்போது அளிக்கப்படவில்லை. மேல்முறையீட்டில் புதுச் சான்றினை எளிதில் ஏற்கமாட்டார்கள். போதிய வாய்ப்பு தரப்படவில்லை, அல்லது அளிக்க இயலாதபடி தக்க காரணம் தடுத்தது என்பன போன்ற நிலைகளில்தான் விதி 46ஏ இடமளிக்கிறது. ஆகவே சான்றுடன் அவ்விதியின் கீழ் ஒரு மனுவும் செல்லவேண்டும். அம்மனு இல்லாமல் சான்றினை மட்டும் இணைத்தால் அது படிக்கப்படாமலே போகலாம்.

மேல்முறையீடு செய்வதால் மட்டும் வரி வசூல் நின்றுவிடாது. கேட்புத் தொகையையும் முப்பது நாள்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் மாதத்திற்கு ஒரு விழுக்காடு வட்டி. மேல்முறையீடு நிலுவையிலிருக்கும் வரை வசூலை நிறுத்திவைக்க, பிரிவு 220(6)-இன் கீழ் மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியே மனு கொடுக்கவேண்டும். 2017 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட குறிப்பாணையின்படி, பொதுவாகக் கேட்புத் தொகையில் 20 விழுக்காடு செலுத்தினால் எஞ்சியது நிறுத்திவைக்கப்படும். இவருக்கு வட்டி நீங்கலாக அது 1,27,920 ரூபாய். இம்மனுவைத் தராதவர்களின் கணக்கு முடக்கப்பட்ட பின்னரே, பலர் நம்மிடம் ஓடிவருகின்றனர். அப்போது கிளை செய்யக்கூடியது ஏதுமில்லை.

கிளையில் கேட்க வேண்டியது, இவருடைய நேர்வில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான தொடர்ச்சியான கணக்கு அறிக்கை, வங்கியின் சான்றொப்பத்துடன். மே மாதம் பணம் எடுத்த காசோலையின் நகல். ஆணை வந்த வாரத்திலேயே விண்ணப்பித்தால், பழைய காசோலையைத் தேடி எடுக்க எங்களுக்கும் நாள் கிடைக்கும்.