பெட்டியில் எது போகலாம், எது வேண்டாம்

அன்புள்ள செல்விக்கு,

மியூனிக் போகும் பெட்டியில் வைக்க அண்ணி எழுதிய பட்டியலை நேற்று எனக்கும் அனுப்பினாள். வடுமாங்காய், பால்கோவா, நெய், கறிவேப்பிலை, கொப்பரை, இட்லிப் பொடி, முறுக்கு, புளிக்காய்ச்சல், பூண்டு ஊறுகாய். பாசத்தோடு போட்ட பட்டியல்தான். ஆனால் அதில் பாதி இங்கேயே நிற்க வேண்டியது. எது ஏன் என்று சொல்லிவிடுகிறேன், நீயே அம்மாவிடம் பேசிக்கொள்.

முதலில் பால்கோவாவும் நெய்யும். இந்தியா போன்ற வெளிநாடுகளிலிருந்து பயணிகள் தங்கள் சாப்பாட்டுக்கென்று கொண்டுவரும் பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. கால்நடை நோய்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அளவு குறைவு, வீட்டில் செய்தது என்று சொல்வதெல்லாம் அங்கே எடுபடாது; கண்டுபிடித்தால் வாங்கி அழித்துவிடுவார்கள். நெய்க்காக நீ கவலைப்படவும் வேண்டாம். ஜெர்மன் கடைகளில் 'பட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று கேள். உருக்கிய வெண்ணெய்தான், நம் நெய்யின் வேலையை அது செய்துவிடும். கோழி ஊறுகாயும் இதே விதியில் அடிபடும். உலர்ந்த மீனுக்குத் தடை இல்லை, 20 கிலோ வரை விடுகிறார்கள். ஆனாலும் மாமா சொன்ன கருவாட்டை நான் சேர்க்க மாட்டேன். விடுதியில் நாலு பேர் சமைக்கும் அடுப்படியில் முதல் வாரமே அந்த வாசனை உனக்கு வேண்டாம்.

கறிவேப்பிலைக்கு வேறு காரணம். பச்சை இலை, காய், பழம் எதுவாக இருந்தாலும் செடிநலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 2019 டிசம்பரிலிருந்து அப்படித்தான். அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையை மொறுமொறுவென்று வறுத்துப் பருப்புப் பொடியோடு அரைத்துவிட்டால் அது பொடிதான். கொப்பரையோ விமானத்திலேயே ஆபத்து. அதிலிருக்கும் எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் ஆபத்தான சரக்குகளின் வரிசையில் கொப்பரையும் இருக்கிறது. அண்ணி அதைத் துணிக்குள் சுற்றி வைத்தாலும் எடுத்துவிடு.

இனி கெட்டுப்போகும் விஷயம். இங்கே நீ பார்க்க வேண்டியது ஈரத்தை. வடுமாங்காயை எடுத்துக்கொள். உப்பும் புளிப்பும் இருப்பதால் அது லேசில் கெடாது. ஆனால் அது உப்புநீரில் மிதப்பது. பாதி எடை தண்ணீருக்கே போய்விடும், மூடி சற்றுத் தளர்ந்தால் சட்டையெல்லாம் நனைந்துவிடும். நீரை வடித்துவிட்டால் போதுமே என்றால், வடித்தபின் வடு நிற்காது. அதனால் வடுவுக்குப் பதில் மாங்காய்த் தொக்கு. எலுமிச்சை ஊறுகாய்க்குப் பதில் வெயிலில் நன்றாகக் காய்ந்த உப்பு நார்த்தங்காய். காகிதத்தில் மடித்தே எடுத்துப் போகலாம், ஒழுக அதில் ஒன்றுமில்லை.

தொக்கை அண்ணி கிளறும்போது நீயும் பக்கத்தில் நில். ஒரு கிலோ கிளிமூக்கு மாங்காய்த் துருவலுக்குக் கால் லிட்டர் நல்லெண்ணெய் ஆகும். முதலில் சடசடவென்று தெறிக்கும். மாங்காயின் நீர் ஆவியாவதுதான் அந்தச் சத்தம். அது அடங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது பலரும் இறக்கிவிடுவார்கள். வீட்டுக்கு அது போதும். பயணத்துக்குப் போதாது. சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம் வை. பிறகு ஒரு கரண்டித் தொக்கைத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பார். எண்ணெய் மட்டும் வழிந்தால் சரி; அதன் முன்னால் கலங்கலாக ஒரு நீர்க்கோடு ஓடினால் மறுபடி அடுப்பில் ஏற்று. புளிக்காய்ச்சலுக்கும் இதே சோதனைதான். முழுக்க ஆறிய பிறகே பாட்டிலில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து மேலே சொட்டும், பூஞ்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பூஞ்சை தெரிந்தால் வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதே. மொத்தத்தையும் கொட்டிவிடு.

பூண்டு ஊறுகாயைத்தான் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். பூண்டில் புளிப்பு கிடையாது. அதை எண்ணெய்க்கடியில் காற்றுப் படாமல் வைத்தால், போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கிறது. வாடையோ நிறமோ மாறாது என்பதால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. புளியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாக ஊற்றிச் சுண்டக் காய்ச்சியதாக இருந்தால் மட்டும் கொண்டுபோ, அங்கே போனதும் குளிர்பெட்டியில் வை. எண்ணெயில் வதக்கிப் போட்ட பூண்டு வேண்டவே வேண்டாம்.

முறுக்கு, தட்டையைக் கெடுப்பது எண்ணெயின் சிக்கு வாடை. புது எண்ணெயில் சுடச் சொல். ஒருமுறை அப்பளம் பொரித்த எண்ணெயில் சுட்டால் மூன்றாம் வாரமே வாடை வந்துவிடும். மாவுக்கு வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் விட்டால் பால் பொருள் என்ற கேள்விக்கே இடமில்லை. பிழிந்தது எண்ணெயில் குமிழி அடங்கிய பிறகே வெளியே வர வேண்டும். தேங்காயும் வேர்க்கடலையும் சேர்த்த பொடிகள் சீக்கிரம் சிக்கடிக்கும், அதனால் இட்லிப் பொடியில் எள், உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய் போதும்.

கைப்பையில் முறுக்கு, தட்டை மட்டும். தொக்கும் ஊறுகாயும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், துபாயில் மாறும்போது மறுபடி சோதனை உண்டு. மிளகாய்ப் பொடி சேர்ந்தவற்றையும் கைப்பையில் வைக்காதே. எல்லாம் பெரிய பெட்டிக்குள்.

பாட்டில் அடைப்பதில் ஒரு நுணுக்கம். விமானம் மேலே போனதும் சரக்கறையில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்காகக் குறையும். பாட்டிலுக்குள் அடைந்த காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியாகத் தள்ளும். எனவே விளிம்புவரை நிரப்பு, வாயில் பாலித்தீன் தாளை ஒட்டினாற்போல் விரி, மூடியைத் திருகி நாடா ஒட்டு. பிறகு இரண்டு ஜிப் பைகளில் போட்டு, இடையில் பழைய துண்டைச் சுற்றி, துணிகளுக்கு நடுவே வை. கண்ணாடி வேண்டாம், கெட்டி பிளாஸ்டிக் போதும். அலுமினியம் கூடவே கூடாது. புளியும் உப்பும் அதை அரிக்கும்.

எடையும் சொல்லிவிடுகிறேன்: தொக்கு அரைக் கிலோ, புளிக்காய்ச்சல் அரைக் கிலோ, நார்த்தங்காய் கால் கிலோ, இரண்டு பொடியும் சேர்த்து ஒரு கிலோ, முறுக்கும் தட்டையும் ஒன்றரைக் கிலோ. நாலு கிலோவுக்குள் முடிந்துவிடும். புளி, துவரம்பருப்பு, உளுந்து எல்லாம் மியூனிக்கில் இந்தியக் கடைகளில் கிடைக்கும், சுமக்காதே.

ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன பொருள், எதில் செய்தது, எந்தத் தேதி என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டு. சுங்க அதிகாரி கேட்டால் ஒளிக்காமல் காட்டு. எதிலாவது சந்தேகம் இருந்தால் சிவப்பு வழியில் போய் நீயே சொல்லிவிடு.

தொக்கு கிளறும் நாளை எனக்குச் சொல். கிளிமூக்கு மாங்காய் இங்கே சந்தையில் இறங்கியிருக்கிறது, வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அத்தை