வேட்புமனுவுக்கு முன்: பல வங்கிக் கணக்குகளை ஒரே தாளில் தொகுப்பது எப்படி?

சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடுபவர் வேட்புமனுவோடு படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதில் வேட்பாளர், அவருடைய கணவர் அல்லது மனைவி, இந்து கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்பவர்கள் என ஒவ்வொருவருக்கும் தனிப் பத்தி உண்டு. ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள வங்கி இருப்பையும் வைப்புத்தொகையையும் அசையும் சொத்துப் பகுதியில் எழுத வேண்டும். வங்கிக் கடன்களுக்கென்று பின்னால் தனிப் பகுதி இருக்கிறது. தெரிந்தே பொய்யான தகவல் தந்தாலோ மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் நாலைந்து வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டுகளை அவசரத்தில் கூட்டி, தவறான தொகையில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அந்தக் கூட்டலைச் சரியாகச் செய்யும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மனைவி வேட்பாளர், கணவர் சொந்தப் பெயரில் கடை நடத்துகிறார். இருவருக்குமாக ஓர் அரசு வங்கி, ஒரு தனியார் வங்கி, ஒரு கூட்டுறவு வங்கி ஆகிய மூன்றிலும் கணக்குகள் இருக்கின்றன.

முதலில் எல்லாக் கணக்குகளையும் கண்டுபிடியுங்கள்

நினைவிலிருந்து பட்டியல் போட வேண்டாம். வருமான வரி இணையதளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையை (ஏ.ஐ.எஸ்.) முதலில் திறந்து பாருங்கள். உங்கள் பான் எண்ணில் எந்தெந்த வங்கி வட்டி கொடுத்ததாகத் தெரிவித்திருக்கிறதோ அது அங்கே வரும். வட்டி வந்திருக்கிறது, ஆனால் உங்கள் பட்டியலில் அந்த வங்கி இல்லை என்றால், மறந்துபோன கணக்கு ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள். பத்தாண்டுகளுக்கு மேல் தொடாமல் கிடக்கும் கணக்குகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் (udgam.rbi.org.in) தேடலாம். கடன்களுக்குக் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. எப்போதோ வாங்கிய நகைக்கடனும் பயன்படுத்தாத கிரெடிட் கார்டும் பெரும்பாலும் அதில்தான் தட்டுப்படும்.

இதே தேடலைக் கணவர் அல்லது மனைவியின் பான் எண்ணிலும் செய்ய வேண்டும். ஒரே வங்கியிலேயே ஒருவருக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருப்பதுண்டு. அப்போது செயலியில் ஓர் எண்ணின் கீழுள்ள கணக்குகள் மட்டுமே தெரியும். கிளையில் நேரில் கேட்டால்தான் மற்றது வெளியே வரும்.

தேர்தல் செலவுக்கென்று தொடங்கும் கணக்கையும் மறக்காதீர்கள். வேட்புமனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னதாக அதைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதால், மனு கொடுக்கும்போது அதில் ஏற்கெனவே பணம் இருக்கக்கூடும்.

எல்லா வங்கிக்கும் ஒரே தேதி

பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஒரு வங்கியின் ஸ்டேட்மென்ட் 12-ஆம் தேதி வரை, இன்னொன்று 15 வரை, கூட்டுறவு வங்கியின் பாஸ்புக் போன மாதம் பதிந்தது. இவற்றைக் கூட்டினால் வரும் தொகை எந்த நாளின் கணக்கும் அல்ல.

நம் வேட்பாளரின் அரசு வங்கி சேமிப்புக் கணக்கில் மார்ச் 12 அன்று 4,10,000 ரூபாய் இருந்தது. 13-ஆம் தேதி அதிலிருந்து 2,50,000 ரூபாயைத் தனியார் வங்கியில் புதிதாகத் தொடங்கிய தேர்தல் கணக்குக்கு மாற்றினார். கையில் இருப்பதோ அரசு வங்கியின் 12-ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டும் தனியார் வங்கியின் 15-ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டும். இரண்டையும் கூட்டினால் 6,60,000 வருகிறது. உண்மையில் இருப்பது 4,10,000 மட்டுமே. 2,50,000 ரூபாய் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. தேதிகள் இடம் மாறியிருந்தால், அதே தொகை இரண்டிலும் இல்லாமல் மறைந்துபோயிருக்கும்.

ஆகவே ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். வேட்புமனுவுக்கான அவகாசம் அறிவிக்கையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம்தான் என்பதால், கையெழுத்திடும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வைப்பது வசதி. அந்த நாள் முடிவில் உள்ள இருப்பே கணக்கு. அன்று வரவு செலவு ஏதும் இல்லையென்றால், அதற்கு முந்தைய கடைசிப் பதிவின் இருப்பை எடுத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை என்பதற்காக அதைக் கழிக்கக் கூடாது. வங்கிப் பதிவில் உள்ளதையே எழுதுங்கள். முடிந்தால் ஒவ்வொரு கிளையிலும் அதே தேதிக்கு இருப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பிறகு ஆட்சேபம் வந்தால், செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைவிடக் கிளை முத்திரையிட்ட சான்றிதழுக்குத்தான் மதிப்பு. அந்தத் தேதிக்கும் கையெழுத்துக்கும் இடையில் பெரிய தொகை கைமாறினால் பட்டியலைத் திருத்திவிட வேண்டும்.

சொத்தும் கடனும் ஒன்றையொன்று தின்னக் கூடாது

வேட்பாளருக்குக் கூட்டுறவு வங்கியில் 5,00,000 ரூபாய் வைப்புத்தொகை இருக்கிறது. அதன்மேல் 3,00,000 கடன் வாங்கியிருக்கிறார். “கையில் நிற்பது இரண்டு லட்சம்தானே” என்று பலரும் 2,00,000 என்று எழுதுவார்கள். படிவம் கேட்பது அதுவல்ல. வைப்புத்தொகை முழுதாகச் சொத்துப் பகுதியில் வர வேண்டும். கடன் முழுதாகக் கடன் பகுதியில் வர வேண்டும். கடனும் வாங்கிய தொகை அல்ல, அந்தத் தேதியில் வட்டியோடு நிலுவையில் நிற்கும் தொகை. இங்கே அது 3,12,400. நகைக்கடனும் இப்படித்தான்: அடகில் இருந்தாலும் நகை உங்களுடையதே. அது நகைப் பத்தியில் வரும், கடன் கடன் பகுதியில் வரும்.

கணவரின் கடைக் கணக்கு இதைவிட ஏமாற்றக்கூடியது. அவருக்கு 10,00,000 ரூபாய் வரம்புள்ள ஓவர் டிராஃப்ட் கணக்கு இருக்கிறது, 6,40,000 எடுத்திருக்கிறார். செயலியைத் திறந்தால் Available Balance என்று 3,60,000 காட்டும். அது அவருடைய பணமே அல்ல, இன்னும் கடன் வாங்கக்கூடிய தொகை. ஸ்டேட்மென்ட்டில் இருப்புக்குப் பக்கத்தில் Dr என்று இருந்தால் வங்கிக்கு நாம் தர வேண்டியது, Cr என்றால் வங்கி நமக்குத் தர வேண்டியது. அந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமல் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள். சரியான பதிவு: சொத்து இல்லை, கடன் 6,40,000. தனி உரிமையாளர் கடை என்பதால் கடையின் கணக்கும் அவருடைய சொந்தக் கணக்குத்தான்.

தானாகவே வைப்புத்தொகையாக மாறும் சேமிப்புக் கணக்குகளையும் கவனியுங்கள். வேட்பாளரின் பழைய தனியார் வங்கிக் கணக்கில் மொத்த இருப்பு 2,00,000 என்று மேலே காட்டுகிறது. அதில் சேமிப்பு 50,000, இணைந்த வைப்பு 1,50,000. வைப்புத்தொகைப் பட்டியலில் அந்த 1,50,000 மறுபடியும் வரும். மேலே உள்ள மொத்தத்தையும் கீழே உள்ள வைப்பையும் கூட்டினால் 3,50,000 ஆகிவிடும். மொத்தத்தை விட்டுவிட்டு, இரண்டு உறுப்புகளையும் தனித்தனி வரிகளாக எழுதினால் இந்தப் பிழை வராது.

கூட்டுக் கணக்கில் அவரவர் பங்கைக் குறிப்பிட வேண்டும் என்று படிவமே சொல்கிறது. இவர்களின் கூட்டுச் சேமிப்பில் 80,000 இருக்கிறது. இருவரும் சமமாகப் போட்ட பணம். எனவே ஆளுக்கு 40,000. இருவர் பத்தியிலும் 80,000 எழுதினால் இல்லாத பணம் சேர்ந்துவிடும்.

ஒரு கணக்குக்கு ஒரு வரி

இனி ஒரு விரிதாளைத் திறந்து, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். A பத்தியில் யார் பெயர், B-யில் வங்கியும் கிளையும், C-யில் கணக்கு எண், D-யில் வகை, E-யில் சொத்தா கடனா, F-இல் அந்தத் தேதியின் தொகை, G-யில் எந்தத் தாளிலிருந்து எடுத்தது. வைப்புத்தொகை என்றால் போட்ட தேதியையும் திட்டத்தின் பெயரையும் படிவம் கேட்கும் என்பதால் D-யிலேயே சேர்த்துவிடுங்கள். கடனைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டாம். எல்லாத் தொகையும் கூட்டல் எண்ணாகவே இருக்கட்டும். பிறகு ஒவ்வொருவரின் மொத்தமும் ஒரு சூத்திரத்தில் வந்துவிடும்:

```
=SUMIFS(F:F, A:A, "வேட்பாளர்", E:E, "சொத்து")
=SUMIFS(F:F, A:A, "கணவர்", E:E, "கடன்")
```

வங்கியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய எண்கள் சில சமயம் எழுத்தாகவே நின்றுவிடும். அப்படி நின்றால் சூத்திரம் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கட்டத்தில் எண் இடதுபுறம் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டேட்மென்ட்டின் பக்கம் ஏதும் விடுபடவில்லை என்று உறுதிசெய்ய, தொடக்க இருப்போடு வரவுகளைக் கூட்டிப் பற்றுகளைக் கழித்துப் பாருங்கள். இறுதி இருப்பு அப்படியே வர வேண்டும்.

மார்ச் 15 நிலவரப்படி நம் குடும்பத்தின் தாள் இப்படி அமையும்:

| பெயர் | கணக்கு | சொத்து | கடன் |
|---|---|---|---|
| வேட்பாளர் | அரசு வங்கி சேமிப்பு | 1,60,000 | |
| வேட்பாளர் | தேர்தல் கணக்கு | 2,50,000 | |
| வேட்பாளர் | தனியார் வங்கி சேமிப்பு | 50,000 | |
| வேட்பாளர் | இணைந்த வைப்பு | 1,50,000 | |
| வேட்பாளர் | கூட்டுறவு வங்கி வைப்பு, அதன்மேல் கடன் | 5,00,000 | 3,12,400 |
| வேட்பாளர் | கூட்டுச் சேமிப்பில் பங்கு | 40,000 | |
| கணவர் | கூட்டுச் சேமிப்பில் பங்கு | 40,000 | |
| கணவர் | கடை ஓவர் டிராஃப்ட் | | 6,40,000 |

வைப்பும் அதன்மேல் வாங்கிய கடனும் ஒன்றாகத் தெரிவதற்காக மட்டும் இங்கே ஒரே வரியில் காட்டியிருக்கிறேன். விரிதாளில் அவை இரண்டு வரிகள். வேட்பாளரின் வங்கிச் சொத்து 11,50,000, கணவருடையது 40,000. கடன்கள் இருவருக்குமாக 9,52,400. மேலே சொன்ன பிழைகள் எல்லாவற்றோடும் கூட்டியிருந்தால் குடும்பத்தின் வங்கிச் சொத்து 17,30,000 என்றும் கடன் எதுவும் இல்லை என்றும் வந்திருக்கும். ஒரு ரூபாயைக்கூட மறைக்க நினைக்காதவர், ஒன்பதரை லட்சம் கடனை மறைத்தவராக நின்றிருப்பார்.

படிவத்துக்கு மாற்றும்போது

எந்தப் பத்தியையும் வெறுமையாக விடாதீர்கள். 2013-இல் ரிசர்ஜன்ஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தேர்தல் நடத்தும் அலுவலர் நினைவூட்டிய பிறகும் வெற்றிடத்தை நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம். தொகை இல்லையென்றால் ‘இல்லை’ என்றும், பொருந்தாவிட்டால் ‘பொருந்தாது’ என்றும் எழுத வேண்டும். கணவரின் வைப்புத்தொகைப் பத்தி இங்கே ‘இல்லை’ ஆகும். பட்டியலின் மேல் ‘மார்ச் 15 நிலவரப்படி’ என்று தேதியைக் குறிப்பிடுவது நல்லது. பிரமாணப் பத்திரத்தின் இறுதியில் வரும் சுருக்கப் பகுதியில் அதே மொத்தங்கள் மறுபடி வரும். இரண்டு இடத்திலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். எதிர்த்தரப்பு அதை உங்கள் முந்தைய பத்திரத்தோடும், படிவத்தில் நீங்களே எழுதிய ஐந்தாண்டு வருமானத்தோடும் ஒப்பிடும். அதனால் விரிதாளையும், அதில் குறித்த ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் சான்றிதழையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். G பத்தியில் தாளின் பெயர் இல்லாத ஒரு தொகை மீதமிருந்தாலும், அது தீரும்வரை நோட்டரி முன் கையெழுத்திடாதீர்கள்.